திருப்பி மொழிபெயர்த்தா அப்படியே வருது, அப்போ சரியா?

அன்புள்ள ஐயா,
எங்க சபை வாலிபர் குழுவுல யோவான் 1-ஆம் அதிகாரத்தோட முதல் வசனங்களை பழைய திருப்புதல்ல இருந்து எடுத்து, செமினரில கிரேக்கம் படிக்கிற ஒரு அண்ணன்கிட்ட கொடுத்து திரும்ப கிரேக்கத்துக்கு மாத்தச் சொன்னோம். மூலத்தோட வச்சு பார்த்தா கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. அப்போ தமிழ்ல அர்த்தம் விலகலன்னு எடுத்துக்கலாமா?

அன்புள்ள தம்பி,

எடுத்துக்க முடியாது. கிரேக்கம் படிக்கிற யாரா இருந்தாலும் யோவான் முதல் வசனம் மனப்பாடமா இருக்கும், 'ஆதியிலே வார்த்தை'ன்னு தமிழ்ல பார்த்த உடனே கை தானா மூலத்தை எழுதிடும். அந்த அண்ணன் தெரிஞ்சு செஞ்சார்னு சொல்லல, ஆனா உங்க கைக்கு வந்தது அவரோட ஞாபகம், தமிழ் வாக்கியம் சொன்ன சேதி இல்ல. அதனாலதான் இந்த வேலையில திருப்பி எழுதுறவர் மூலத்தைப் பார்க்காம, என்ன பகுதின்னு கூட முன்னாடி தெரியாம எழுதணும்னு பிடிவாதமா சொல்றாங்க.

இப்போ ஞாபகத்தை ஓரம் வச்சிட்டு தமிழை மட்டும் பாருங்க. முதல் வசனத்துல 'அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது', ரெண்டாவதுல 'அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்'. இதை நேர்மையா திருப்பினா 'இடத்தில்'க்கு பாரா, 'ஓடு'க்கு மெட்டான்னு ரெண்டு வேற வேற முன்னிடைச்சொல் வரும், ஆனா மூலத்துல ரெண்டு இடத்துலயும் ஒரே தொடர்தான், ப்ரோஸ் டோன் தெயோன். யோவான் வேணும்னே அதே தொடரை திரும்பச் சொல்றார், தமிழ்ல அந்த திரும்பல் காணாம போயிடுச்சு, இதைத்தான் உங்க சோதனை பிடிச்சிருக்கணும். அதுக்காக 'தேவனோடு'ன்னு போட்டது தப்புன்னு ஆகாது, மாற்கு 6:3ல இயேசுவோட சகோதரிகள் இங்க நம்மகிட்டதானே இருக்காங்கன்னு ஊர்க்காரங்க கேக்குறப்போ இதே ப்ரோஸ்தான் வருது, அங்க சாதாரணமா 'கூட இருக்கிறது'ங்கிற அர்த்தம்தான். வித்தியாசம் வந்தா அது மொழிபெயர்ப்பாளர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி, அவ்வளவுதான், தீர்ப்பு இல்ல.

எனக்கு இதைவிட பெருசா படுறது வேற ஒண்ணு. 'வார்த்தை இருந்தது'ன்னு அஃறிணையில ஆரம்பிச்சு அடுத்த வசனத்துல திடீர்னு 'அவர்'. பைபிளே தெரியாத ஒருத்தர் வாசிச்சா அந்த அவர் யாருன்னு தேடுவார், பக்கத்துல இருக்கிற உயர்திணைப் பெயர் தேவன் ஒண்ணுதான், அப்போ தேவன் தேவனோடிருந்தார்னு வாசிச்சு குழம்புவார். ஆனா திருப்பி கிரேக்கத்துல எழுதும்போது 'வார்த்தை'க்கு வர்ற லோகோஸ் அங்க ஆண்பால் சொல், 'அவர்'க்கும் ஆண்பால் பிரதிப்பெயர் போடுவாங்க, ரெண்டும் அழகா பொருந்திடும். தமிழ்ல இருக்கிற வெடிப்பை கிரேக்க இலக்கணம் பூசி மறைச்சிடுது!

மாற்கு 4:38லயும் இதேதான். புயல்ல சீஷர்கள் 'போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா'ன்னு கேக்குறாங்க. கிரேக்கத்துல அப்பொல்லூமெதாங்கிற ஒரே வினை, தன்மைப் பன்மை, இயேசு அதுல சேர்த்தியா இல்லையான்னு அது சொல்லாது. தமிழ் அப்படி சும்மா விடாது, நாங்களா நாமான்னு முடிவு பண்ணியே ஆகணும். 'நாங்கள்'னு போட்டா படகுல தூங்குறவர் சாகுறவங்க கணக்குல இல்ல, 'நாம்'னு போட்டா அவரும் சேர்ந்து மூழ்குறார், சீஷர்கள் அவரை யாருன்னு நினைச்சாங்கங்கிறதே மாறிடுது. ஆனா எதைப் போட்டாலும் திருப்பினா அதே அப்பொல்லூமெதாதான் வரும், சோதனை பாஸ், தமிழ் எடுத்த முடிவு யார் கண்ணுலயும் படாது.

அதனால மூல மொழிக்கே திருப்புறது மட்டும் போதாதுன்னு நான் உறுதியா சொல்றேன். தமிழ்ல கம்மியா போனதை, மாறிப்போனதை அது காட்டும், தமிழ் கூட சேர்த்ததையும் தமிழுக்குள்ளயே உடைஞ்சதையும் பல நேரம் காட்டாது. திருப்புறவர் ஓரத்துல குறிப்பு எழுதணும், இங்க நாங்கள், கேக்குறவர் சேரல, இங்க அஃறிணை, இங்க மரியாதைப் பன்மைன்னு. கிரேக்கத்துல 'ஹோ' மாதிரி, இங்கிலீஷ்ல 'the' போல, சுட்டு வர்ற இடத்துல தமிழ்ல ஒண்ணும் இல்லாம அவர் ஊகிச்சு போட்டிருந்தா அதையும் எழுதணும், ஏன்னா யோவான் 1:1 கடைசி பகுதியில தெயோஸ் சுட்டு இல்லாம வருது, முன்னாடி சுட்டோட வருது, தமிழ்ல ரெண்டுமே தேவன்தான், அதைப் பார்த்து யாராலயும் அந்த வித்தியாசத்தை மீட்க முடியாது.

அடுத்த தடவை யோவான் 1 மாதிரி பிரபலமான பகுதி வேண்டாம், 2 கொரிந்தியர் 8, 9 மாதிரி காணிக்கை ஏற்பாடு பத்தி பவுல் எழுதுற நீளமான வாக்கியங்களை அதிகாரம் வசனம் எண் எடுத்துட்டு அந்த அண்ணன்கிட்ட கொடுங்க. அதோட கிரேக்கமே தெரியாத, சபைக்கு வராத ஒரு தமிழ் வாசகர்கிட்டயும் அதே பகுதியைக் கொடுத்து, இதுல 'நாங்கள்'னா யார் யாரு, 'அவர்' யாருன்னு மட்டும் கேளுங்க. அவர் சொல்ற பதிலையும் அண்ணனோட கிரேக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.