பக்கத்து முகாம் தளபதி என்ன செய்வார்?

கேள்வி: துப்பாக்கியும் டாங்கியும் எல்லா நாட்டிலும் ராணுவத்திடம்தான் இருக்கின்றன. அப்படியிருக்க, சில நாடுகளில் மட்டும் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறது. மற்ற நாடுகளில் மந்திரி சொன்னபடி நடக்கிறது. எது தடுக்கிறது?

பதில்: ஆட்சியைப் பிடிக்க நினைக்கும் அதிகாரி அமைச்சருக்குப் பயப்படுவதைவிட, பக்கத்து முகாம் தளபதிக்குத்தான் அதிகம் பயப்படுவார். அவர் கூட வருவாரா, எதிர்ப்பாரா, ஒதுங்கி வேடிக்கை பார்ப்பாரா? சொந்தப் படையையே சுட யாருக்கும் மனம் வராது. அதனால் ஜெயிக்கும் என்று தோன்றுகிற பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள். அரசின் பெயர் கெட்டு, கட்சிகள் சண்டையில் முடங்கிக் கிடக்கும்போது, ‘தடுக்க யாரும் வரமாட்டார்கள்’ என்ற எண்ணம் முகாம்களில் பரவும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்பெயினைப் பாருங்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிரதமர் ராஜினாமா செய்திருந்தார்; தீவிரவாதிகள் ராணுவ அதிகாரிகளைக் கொன்றுகொண்டிருந்தார்கள். 1981 பிப்ரவரி 23 மாலை, டெஹேரோ என்ற சிவில் காவல்படை அதிகாரி சுமார் 200 பேருடன் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து கூரையை நோக்கிச் சுட்டார். வலென்சியாவில் ஜெனரல் மிலான்ஸ் டெல் போஸ்க் தெருவில் டாங்கிகளை இறக்கினார். மற்ற தளபதிகளில் பலர் போனருகே காத்திருந்தார்கள். மன்னர் ஹுவான் கார்லோஸ் அவர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசினார். அப்புறம் நள்ளிரவு தாண்டி, படைத்தலைவருக்கான சீருடையில் அவரே தொலைக்காட்சியில் தோன்றி, அரசியல் சாசனத்தின் பக்கம் நிற்பதாக அறிவித்தார். அதோடு ஊசலாடியவர்களின் கணக்கு மாறியது. மறுநாள் நண்பகலில் டெஹேரோ சரணடைந்தார்.

சரி, அன்றைக்கு மன்னர் காப்பாற்றினார். எப்போதும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? 1982-க்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சர் நார்சிஸ் செர்ரா எட்டு ஆண்டுகளுக்கு மேல் நிதானமாக வேலை பார்த்தார். அதுவரை படைத் தலைமையின் உச்சியில் இருந்த தளபதிகள் குழு, 1984 சட்டத்தால் பிரதமருக்கும் அமைச்சருக்கும் ஆலோசனை சொல்லும் குழுவானது. பதவி உயர்விலும் அமைச்சகத்தின் பிடி இறுகியது. என் பார்வையில், எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தப் பதவி உயர்வுதான். அடுத்த பதவி யார் கையில் இருக்கிறதோ, அவர் பேச்சைத்தான் அதிகாரி கேட்பார்.

சில ஆட்சியாளர்கள் ராணுவத்துக்குப் போட்டியாகத் தனிக் காவல்படை வளர்ப்பார்கள். ஆட்சி கொஞ்சம் நீடிக்கலாம். போர் வந்தால் ஒன்றையொன்று நம்பாத இரண்டு படைகள்தான் கையில் இருக்கும்.

இன்னொன்று தண்டனை. டெஹேரோ 1978-லேயே இப்படி ஒரு சதியில் சிக்கியவர். ராணுவ நீதிமன்றம் கொடுத்தது ஏழு மாதச் சிறை; பதவியும் பறிபோகவில்லை. 1981 சதியில் பங்கிருந்த ஜெனரல் அர்மாடாவுக்கும் ராணுவ நீதிமன்றம் ஆறு ஆண்டுகளே விதித்தது. இந்த முறை அரசு விடவில்லை, மேல்முறையீடு செய்தது. சிவில் நீதிபதிகள் இருந்த உச்ச நீதிமன்றம் அதை 30 ஆண்டுகளாக்கியது.