பிட் 31 ஏன் மாறவில்லை? ஸ்கேன் செயின் கண்டுபிடிக்கும் விதம்

கேள்வி: சிப் தயாரித்து முடித்த பிறகு உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தால் எப்படித் தெரியும்? வெளியே சில நூறு பின்கள்தான் இருக்கின்றன. ஸ்கேன் செயின் என்கிறார்களே, அது உண்மையில் என்ன செய்கிறது?

பதில்:

சிப் சோதனையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், ஒரே ஒரு கவுன்ட்டரை வைத்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒன்று கூடும் 32 பிட் கவுன்ட்டர் சிப்பின் நடுவில் எங்கோ இருக்கிறது. பிட் 31 எப்போது மாறும்? அதற்குக் கீழே உள்ள 31 பிட்டுகளும் 1 ஆக இருக்கும்போது மட்டும். அந்த நிலையைக் கவனித்துச் சொல்வதற்கு ஓர் ஆண்ட் கேட் இருக்கிறது. தயாரிப்பில் விழுந்த தூசியால் அந்தக் கேட்டின் வெளியீடு தரைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். இனி அது எப்போதும் 0 தான். இதை நாங்கள் 'ஸ்டக்-அட் சீரோ' பழுது என்போம்.

இந்தச் சிப்பை இயக்கிப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. கவுன்ட்டர் சுழியில் தொடங்கி 214 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகள் கடந்த பிறகுதான் பிட் 31 முதல்முறையாக மாற வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அதற்கு 21 விநாடிக்கு மேல் ஆகும். ஒரு சிப்புக்கு மொத்தமாகவே சில விநாடிகள்தான் ஒதுக்கும் டெஸ்டரில் ஒரு கேட்டுக்காக 21 விநாடி காத்திருக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

காத்திருப்பதற்கு ஒரே காரணம், நமக்கு வேண்டிய நிலையை, ஒவ்வொன்றும் ஒரு பிட்டை நினைவில் வைத்திருக்கும் ஃபிளிப்-ஃபிளாப்புகளுக்குள் நேரடியாக வைக்க முடியாததுதான். அதை முடியும்படி செய்வதுதான் ஸ்கேன். ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்பின் வாசலிலும் ஒரு சிறிய மல்டிபிளெக்சரை வைக்கிறோம். ஸ்கேன் எனேபிள் என்ற கம்பி 0 என்றால், ஃபிளிப்-ஃபிளாப் வழக்கமான தர்க்கச் சுற்றிலிருந்து மதிப்பை வாங்கிக்கொள்ளும். 1 என்றால், வரிசையில் தனக்கு முன்னால் நிற்கும் ஃபிளிப்-ஃபிளாப்பிடமிருந்து வாங்கிக்கொள்ளும். இப்படிக் கோத்த வரிசைதான் செயின். ஒரு முனையில் ஒரு பின் வழியாகப் பிட்டுகளை ஊட்டலாம், மறுமுனையில் இன்னொரு பின் வழியாக வாங்கலாம். ஐபிஎம் நிறுவனத்தில் ஐக்கெல்பெர்கரும் வில்லியம்ஸும் இந்த அடிப்படையிலான ஒரு வடிவமைப்பு முறையை 1977-இல் வெளியிட்டார்கள். சுற்றமைப்பு நிறைய மாறிவிட்டாலும் கருத்து இன்றும் அதுதான்.

நம் பழுதுக்குத் திரும்புவோம். ஸ்கேன் எனேபிளை 1 ஆக்கி 32 துடிப்புகளில் வேண்டிய நிலையை ஏற்றுகிறோம். பிறகு அதை 0 ஆக்கி ஒரே ஒரு துடிப்பு கொடுக்கிறோம். கவுன்ட்டர் தன் இயல்பான வேலையை ஒருமுறை செய்கிறது. மறுபடி 1 ஆக்கி 32 துடிப்புகளில் விடையை வெளியே இழுக்கிறோம்.

```
ஏற்றியது     : 0 1111111 11111111 11111111 11111111
நல்ல சிப்    : 1 0000000 00000000 00000000 00000000
பழுதான சிப்  : 0 0000000 00000000 00000000 00000000
```

மொத்தம் 65 துடிப்புகள். 21 விநாடி வேலை, செயினை 50 மெகாஹெர்ட்ஸில் நகர்த்தினால் 1.3 மைக்ரோவிநாடியில் முடிகிறது. விடை வெளியே வரும்போதே அடுத்த சோதனை உள்ளே ஏறிக்கொண்டிருப்பதால், உண்மையில் ஒவ்வொரு சோதனைக்கும் பாதிச் செலவுதான்.

ஒரு பழுது பிடிபட்டது. அதே ஆண்ட் கேட்டின் உள்ளீடுகளில் ஒன்று 1 என்ற நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால்? மேலே கொடுத்த சோதனையில் அது சிக்காது, ஏனென்றால் அங்கே எல்லா உள்ளீடுகளும் 1 தான். பிட் 5-இலிருந்து வரும் உள்ளீட்டைச் சந்தேகித்தால், பிட் 5-ஐ மட்டும் 0 ஆக்கிக் கீழே உள்ள மற்றவற்றை 1 ஆக்க வேண்டும். நல்ல சிப்பில் பிட் 31 அசையாது, பழுதான சிப்பில் 1 ஆகிவிடும். இப்படி 31 உள்ளீடுகளுக்கும் தனித்தனிச் சோதனை தேவை. லட்சக்கணக்கான கேட்டுகளுக்கு இதைக் கையால் எழுத முடியாது. ஏடிபிஜி என்ற மென்பொருள்தான், எந்தப் பழுதைத் தூண்ட எந்தப் பிட் எப்படி இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தருகிறது.

செயினின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு லட்சம் ஃபிளிப்-ஃபிளாப்புகளை ஒரே செயினில் கோத்து 1000 சோதனைகள் ஓட்டினால் 10 கோடி துடிப்புகள், அதாவது 50 மெகாஹெர்ட்ஸில் 2 விநாடி. 100 செயின்களாகப் பிரித்தால் 20 மில்லிவிநாடி.

இனி நான் நேரில் பட்டது. இத்தனையும் செயின் ஒழுங்காக இருந்தால்தான் நடக்கும், அதனால் முதலில் செயினையே சோதிப்பார்கள். 00110011 என்று திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பி, அது அப்படியே வெளியே வருகிறதா என்று பார்ப்பார்கள். 0-விலிருந்து 0, 0-விலிருந்து 1, 1-இலிருந்து 1, 1-இலிருந்து 0 என நான்கு வகை அசைவும் இதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு சிப் வடிவமைப்பில், தயாரித்த எல்லாச் சில்லுகளிலும் ஒரே ஒரு செயின் மட்டும் தோற்றது. தயாரிப்புப் பழுது என்றால் சில்லுக்குச் சில்லு இடம் மாறியிருக்கும், எனவே தவறு எங்கள் பக்கம்தான் என்று முதல் நாளே வயிற்றைக் கலக்கியது. கிளாக்கை மெதுவாக்கிப் பார்த்தோம், எந்த மாற்றமும் இல்லை. பிறகு வெளிவந்த பிட்டுகளை உற்றுப் பார்த்தபோதுதான், சரியாக ஒன்றுவிட்டு ஒன்று தவறாக இருப்பது தெரிந்தது. 00110011-ஐ ஓர் இடம் தள்ளி வைத்தால் அப்படித்தான் பொருந்தாமல் போகும். செயின் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் குறைந்ததுபோல் நடந்துகொண்டிருந்தது.

காரணம், செயினின் நடுவில் இரண்டு கிளாக் பிரிவுகள் சந்தித்த இடம். முன்னால் நின்ற ஃபிளிப்-ஃபிளாப்புக்குக் கிளாக் சற்று முந்தி வந்தது. அது வெளியிட்ட புதிய மதிப்பு, பின்னால் நின்றதன் கிளாக் வருவதற்குள் ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே துடிப்பில் ஒரு பிட் இரண்டு படி தாண்டியது. இது ஹோல்டு பிழை. துடிப்புகளுக்கு இடையே எவ்வளவு நேரம் விட்டாலும் இது தீராது. மதிப்பை அரைத் துடிப்பு பிடித்து வைக்கும் லாக்-அப் லாட்ச் ஒன்றை அந்த எல்லையில் போட்டிருக்க வேண்டும். போட மறந்திருந்தோம்.

இன்னொரு வகைப் பழுது இதுவரை சொன்ன எதிலும் சிக்காது. கம்பி அறவில்லை, ஆனால் இரண்டு அடுக்குகளை இணைக்கும் வயாவில் ஒரு குழி விழுந்து மின்தடை கூடிவிட்டது. கேட் சரியான விடையைத் தாமதமாகத் தருகிறது. மெதுவான சோதனையில் அது தேறிவிடும். இதற்கு இயல்பு வேகத்தில் இரண்டு துடிப்புகளை அடுத்தடுத்து கொடுக்க வேண்டும். அதே கவுன்ட்டரில் இம்முறை பிட் 0, பிட் 31 இரண்டையும் 0 ஆகவும் மற்றவற்றை 1 ஆகவும் ஏற்றுகிறோம். முதல் துடிப்பில் பிட் 0 எழுகிறது, ஆண்ட் கேட் 0-விலிருந்து 1-க்கு ஏறத் தொடங்குகிறது. 1 கிகாஹெர்ட்ஸ் சிப் என்றால், சரியாக ஒரு நானோவிநாடி கழித்து இரண்டாம் துடிப்பு. கேட் நேரத்துக்கு ஏறியிருந்தால் பிட் 31 மாறும், பிந்தினால் 0-விலேயே நிற்கும்.

இதில் ஒரு வம்பு உண்டு. சோதனையின்போது சிப்பின் ஃபிளிப்-ஃபிளாப்புகள் இயல்பான வேலையில் ஒருபோதும் இல்லாத அளவுக்கு ஒரே நேரத்தில் புரளும். மின்னழுத்தம் உள்ளே சரியும், கேட்டுகள் மந்தமாகும், நல்ல சிப்பும் தோற்றதாகப் பதிவாகும். மின்னழுத்தத்தைச் சற்றே உயர்த்தியதும் தேறுகிறது, இயல்பான வேலையையும் ஒழுங்காகச் செய்கிறது என்றால், சிப்பைவிடச் சோதனையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஒரு பழுதைப் பிடிக்கச் சில பிட்டுகள் மட்டுமே முக்கியம், மீதிப் பிட்டுகள் எப்படி இருந்தாலும் சரிதான். அவற்றைக் கண்டபடி நிரப்பாமல், செயினில் பக்கத்தில் நிற்கும் பிட்டின் மதிப்பையே நிரப்பச் சொன்னால் புரளல் வெகுவாகக் குறையும். சோதனைகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடும்.