ரூம் டோன் போட்டும் இடைவெளி ஒட்டலையா?

"ரெண்டு பேர் பேசுற காட்சி. வசனம் வெட்டின இடமெல்லாம் சத்தம் செத்துப்போகுது. மறுநாள் அதே அறையில யாரும் பேசாம வெறும் அறைச் சத்தத்தை, அதான் ரூம் டோன், ஒரு நிமிஷம் எடுத்துப் போட்டேன், அப்பவும் ஒட்டலை."

அறை அதேதான், சத்தம் அதே இல்லைங்க. படப்பிடிப்பப்போ உள்ளே ஆட்கள் நின்னிருப்பாங்க, லைட் எரிஞ்சிருக்கும், மைக் நடிகர் தலைக்கு மேல இருந்திருக்கும். மறுநாள் காலி அறை, மைக் ஒலியைக் கூட்டிப் பதியுற அளவான கெயினும் வேற.

இப்போதைக்கு அசல் டேக்குகளையே தோண்டுங்க. "ஆக்‌ஷன்" சொன்னதுக்கும் முதல் வசனத்துக்கும் நடுவே ரெண்டு மூணு வினாடி கிடைக்கும். மூச்சு, துணி உரசல் இல்லாத துண்டுகளா நாலஞ்சு எடுத்து, ஒண்ணு அடங்க அடங்க அடுத்தது எழும்புற மாதிரி அரை வினாடி கிராஸ்ஃபேடில் கோத்துக்கோங்க. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினா, அதுல இருக்கிற சின்ன 'டிக்' தாளம் மாதிரி கேட்டுக் காட்டிக்கொடுத்துடும். ரெண்டு பேருக்கும் தனித்தனியா சேகரிங்க. ஒருத்தர் ஷாட்டில் மைக் ஜன்னலைப் பார்த்திருந்தா அந்த இரைச்சலே வேற.

ஒட்டும்போது சொல் முடிஞ்ச இடத்திலேயே வெட்டாதீங்க. அதோட எதிரொலி அடங்கினப்புறம் கிராஸ்ஃபேட் தொடங்கணும். 'ஈக்வல் பவர்' வகையைப் போடுங்க. லீனியர்னா நடுவுல சத்தம் லேசா பள்ளம் விழும். காட்சி முழுக்க அடியில டோனை ஓடவிட்டா வசனம் வரும்போது இரைச்சல் கூடி, இடைவெளியில குறையும். அதனால இடைவெளியை மட்டும் நிரப்புங்க. ஹெட்போன்ல சத்தத்தைக் கூட்டி, திரையைப் பார்க்காம கேளுங்க. ஒட்டு எங்கேன்னு சொல்ல முடியலைன்னா சரி.

அடுத்த தடவை, கடைசி டேக் முடிஞ்சதும் யாரும் நகர்றதுக்கு முன்னாடி, மைக்கையும் கெயினையும் தொடாம ஒரு நிமிஷம் ஓடவிடுங்க.