NMC811 மின்முனையில் ஆக்ஸிஜன் வெளியேற்றமும் விரிசலும்

கேள்வி: NMC811 என்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் 8:1:1 விகிதத்தில் உள்ள லித்தியம்-அயனி மின்கல நேர்மின்முனைப் பொருள். அதை 4.3 V-க்கு மேல் சார்ஜ் செய்தால் ஆக்ஸிஜன் வெளியேறுகிறது, துகளிலும் விரிசல் விழுகிறது என்கிறார்கள். எது முதலில், எதனால் எது?

இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. லித்தியம் வெளியேற வெளியேற, ஆக்ஸிஜன் அடுக்குகள் ஒன்றையொன்று தள்ளுவதால் படிகம் c அச்சில் மெல்ல விரிகிறது. லித்தியம் உலோகத்துக்கு எதிராக ஏறக்குறைய 4.2 V-இல் H2 எனப்படும் படிக நிலை H3 என்ற நிலையாக மாறும்போது அதே அச்சு சட்டென்று சுருங்குகிறது. மின்னழுத்தம் சிறிது மாறும்போது எவ்வளவு மின்னூட்டம் ஏறுகிறது என்று காட்டும் dQ/dV வரைபடத்தில் அங்கே தெரியும் கூர்மையான முகடு இதைத்தான் காட்டுகிறது.

பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அளவுள்ள பல படிகங்கள் ஒட்டியது. அவை வெவ்வேறு திசையில் நிற்பதால், ஒவ்வொன்றும் தன் c அச்சில் சுருங்கி அண்டைப் படிகத்தை இழுக்கிறது. அந்த எல்லைகளில்தான் விரிசல் விழுகிறது. ஆக, விரிசலுக்கு முதல் காரணம் இந்த இயந்திர இழுவை. ஆக்ஸிஜன் வாயு அல்ல.

சரி, ஆக்ஸிஜன்? இந்த மின்னழுத்தத்தில் நிக்கல் Ni⁴⁺-ஐ நெருங்குகிறது. Ni–O பிணைப்பில் எலக்ட்ரான் பற்றாக்குறையை ஆக்ஸிஜனும் பங்கிட்டுக்கொள்வதால், மேற்பரப்பு ஆக்ஸிஜன் கழன்றுபோகிறது. நிக்கல் மீண்டும் Ni²⁺ ஆகி, NiO போன்ற பாறை உப்பு அடுக்கு உருவாகிறது. லித்தியம் அதைக் கடக்கத் திணறுவதால் மின்தடை ஏறுகிறது. சார்ஜின்போதே வாயுவை நிறை நிறமாலைமானியில் அளந்தால், NMC811-இல் சுமார் 4.3 V-இலும் நிக்கல் குறைவான NMC111-இல் சுமார் 4.7 V-இலும் O₂ தலைகாட்டுகிறது.

இரண்டையும் இணைப்பது மின்முனையைச் சூழ்ந்துள்ள திரவமான மின்பகுளிதான். விரிசல் வெளிவரை திறந்தால் மின்பகுளி உள்ளே நுழைகிறது; புதிய மேற்பரப்புகளிலும் அதே சிதைவு தொடங்குகிறது. ஒற்றைப் படிகத் துகள்களில் படிக எல்லைகள் இல்லாததால் இந்த வழி பெரும்பாலும் அடைபடுகிறது. ஆனால் மேற்பரப்பு ஆக்ஸிஜன் இழப்பு அங்கும் உண்டு.