பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ள மாதம் எவ்வளவு கேட்கலாம்?

வணக்கம். நான் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருநகரில் இருக்கிறேன். என் அத்தை மகன் குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறார். அத்தை காலமான பிறகு அவர்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. திருமங்கலம் பக்கம் 60 சென்ட் நிலமும் சும்மா கிடக்கிறது. ‘நீதான்ப்பா பாத்துக்கணும், மாசம் எவ்வளவுன்னு நீயே சொல்லு’ என்கிறார். சொந்தக்காரரிடம் காசு கேட்பதா என்கிறாள் மனைவி. பத்தாயிரம் கேளுங்கள் என்கிறான் மகன். புரோக்கர் ஒருவர், வாடகை மதிப்பில் எட்டு சதவீதம் வாங்குவதுதான் முறை என்கிறார். எது நியாயம்?

ரா., திருநகர்

அன்புள்ள ரா.,

புரோக்கரின் சதவீதக் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது ஆள் குடியிருக்கிற வீட்டுக்கான கணக்கு. குடியிருக்கிற வீட்டில் குழாய் ஒழுகினால் குடியிருப்பவரே போன் போட்டுத் திட்டுவார். பூட்டிய வீட்டில் ஒழுகினால் நீங்கள் போய்க் கதவைத் திறந்தால்தான் தெரியும். வாடகை வராத வீட்டுக்குத்தான் வேலை கூடுதல். மகன் சொல்லும் பத்தாயிரம், டாலரை நினைத்துச் சொன்னது. அத்தான் அங்கே என்ன சம்பாதிக்கிறார் என்பதற்கும் உங்கள் கூலிக்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு எத்தனை மணி நேரம் போகிறது, அதற்கு நம் ஊரில் என்ன மதிப்பு, இவ்வளவுதான் கணக்கு.

அதனால் வேலை என்னவென்று பார்த்துவிட்டுத் தொகைக்கு வருவோம். வீட்டுக்கு வாரம் ஒரு முறை போக வேண்டும். வெளியிலிருந்து பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குப் பெயர் பார்த்துக்கொள்வது இல்லை. உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, பாத்ரூம், சமையலறை, துணி துவைக்கும் இடம் என்று தரையில் வடிகால் துளை உள்ள ஒவ்வொரு இடத்திலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கழிப்பறையை ஃப்ளஷ் செய்யுங்கள். அந்த வளைவுகளில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. மதுரை வெயிலில் அது சில வாரங்களில் வற்றிவிடும். பூட்டிய வீட்டைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை அடிக்கிறதே, பாதி நேரம் காரணம் இதுதான்.

அப்புறம் மோட்டார். கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். மாதக்கணக்கில் ஓடாத போர் மோட்டார் இறுகிப்போய்விடும். மேல் தொட்டி, தரைத் தொட்டி இரண்டுக்கும் மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். திருநகர் இப்போது மாநகராட்சிக்குள் இருக்கிறது. கொசுப்புழு பார்க்க வருபவர்கள் பூட்டிய வீட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். நிலைப்படி ஓரங்களிலும், சுவரை ஒட்டி நிற்கும் பீரோவுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான். கோட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். படம் எடுத்து அன்றே அத்தானுக்கு அனுப்புங்கள்.

கிளம்பும்போது கரண்ட் மீட்டரின் ரீடிங்கைப் படம் எடுங்கள். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், பூட்டிய வீட்டுக்குப் பெரும்பாலும் பில்லே வராது. பில் வரவில்லை, அதனால் எல்லாம் சரி என்று இருந்துவிடுவோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய கால் யூனிட். வாரம் ஒரு முறை என்றால் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட், விளக்கு, மின்விசிறி சேர்த்தாலும் ஐந்தைத் தாண்டக் கூடாது. நாற்பது, ஐம்பது யூனிட் ஓடியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது யாரோ வயர் போட்டு எடுக்கிறார்கள். பில் தொகையில் இது தெரியாது, ரீடிங்கில்தான் தெரியும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சும்மாவே கொஞ்சம் இழுக்கும். அதை முதலிலேயே நிறுத்தி வைத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் ஆகும். மாதம் நான்கு தடவை என்றால் ஆறு மணி நேரம்.

நிலத்துக்கு மாதம் ஒரு முறை போதும், போக வர அரை நாள் போய்விடும். மூன்று மணி நேரம் என்று வையுங்கள். திருமங்கலம் பக்கம் கரிசல் மண். கோடையில் வெடித்து மழையில் ஊறும் மண்ணில் சர்வே கல் சாயும், புதையும். பக்கத்து நிலத்தில் டிராக்டர் ஓட்டுபவர் கல் தெரியாத இடத்தில் வரப்பை ஒரு சால் உள்ளே தள்ளுவார். அடுத்த வருஷம் இன்னொரு சால். யாரும் கேட்காவிட்டால் அதுவே எல்லை. முதல் முறை போகும்போதே நான்கு மூலைக் கல்லையும் தேடி, சுண்ணாம்பு அடித்து, ஒவ்வொரு கல்லையும் பக்கத்தில் உள்ள நகராத ஒரு பொருளோடு, கிணறோ மின்கம்பமோ, சேர்த்துப் படம் எடுங்கள். மாதாமாதம் அதே இடத்தில் நின்று அதே படம். சீமைக்கருவேலம் முழங்கால் உயரம் இருக்கும்போதே வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். ஆள் உயரம் வந்தபின் ஜேசிபி வாடகை கொடுக்க வேண்டிவரும். ‘சும்மாதானே கிடக்கு, இந்த ஒரு போகம் போட்டுக்கிறேன்’ என்று யாராவது கேட்டால் நீங்களாகச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பயிர் செய்கிற குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஒரு போகம் எங்கே போய் முடியும் என்பது அத்தான் யோசித்துத் தீர்மானிக்க வேண்டியது.

போன் பேசுவது, படம் அனுப்புவது, கணக்கு எழுதுவது, எப்போதாவது ஒரு ஆபீசுக்கு அலைவது எல்லாம் சேர்த்து இன்னும் மூன்று மணி நேரம். ஆக மாதம் பன்னிரண்டு மணி நேரம், அதாவது ஒன்றரை நாள் வேலை.

இதற்கு விலை? உங்கள் தெருவில் கொத்தனாருக்கு இன்று என்ன நாள் கூலி கொடுக்கிறார்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் என்றால் ஒன்றரை நாளுக்கு 1,500. நேரத்தின் மதிப்பு அவ்வளவுதான். ஆனால் கொத்தனாருக்கு சாயங்காலம் ஐந்தரைக்குப் பொறுப்பு முடிந்துவிடும். உங்களிடம் சாவி இருக்கிறது. ராத்திரி காற்றில் வேப்பங்கிளை முறிந்து காம்பவுண்டில் விழுந்தால் உங்களைத்தான் எழுப்புவார்கள். வெளியூர் போனால் மாற்று ஆள் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்தப் பொறுப்புக்கு நேரத்துக்கான தொகையையே இன்னொரு மடங்கு போடுவது நியாயம் என்பது என் கணக்கு. மொத்தம் 3,000 ரூபாய். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி வடிகாலில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கும் என்பதால் வாரம் இரண்டு முறை போக வேண்டும். மாதம் ஆறு மணி நேரம் கூடும், அந்த இரண்டு மாதமும் 750 சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்சி மூலம் காவலுக்கு ஆள் போட்டால் அத்தானுக்கு இதைப் போலப் பல மடங்கு ஆகும், அந்த ஆள் மீட்டரையும் பார்க்க மாட்டார்.

இந்த 3,000 உங்கள் கூலி மட்டும். செலவுப் பணத்தை இதோடு கலக்கவே கூடாது. சண்டை வருவது அங்கேதான். 10,000 ரூபாய் முன்பணமாகத் தனியாக வாங்கி, பெட்ரோல், பல்பு, பூட்டு, புல் வெட்டுகிற கூலி எல்லாவற்றையும் அதிலிருந்து செலவு செய்து, மாதம் 5ஆம் தேதி பில் படங்களோடு கணக்கு அனுப்புங்கள். செலவான அளவு மட்டும் அவர் மறுபடி நிரப்பட்டும். 1,500 ரூபாய் வரை கேட்காமல் செய்யலாம், அதற்கு மேல் படம் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் என்று ஒரு வரம்பு வையுங்கள். சொத்து வரியை அவரே அங்கிருந்து இணையத்தில் கட்டிவிடலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாத முடிவுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் குறையும், ஞாபகப்படுத்துவது மட்டும் உங்கள் வேலை.

பெயின்ட் அடிப்பது, தளம் போடுவது மாதிரி பெரிய வேலை வந்தால் நின்று பார்க்கிற நாட்களுக்கு நாள் கூலி வாங்குங்கள். மொத்தச் செலவில் சதவீதம் பேசாதீர்கள். பில் ஏறினால் உங்களுக்கு லாபம் என்று ஆகிவிட்டால், அப்புறம் நீங்கள் கொண்டுபோகிற எந்த பில்லையும் அத்தானால் நிம்மதியாகப் பார்க்க முடியாது. பிளம்பர் ஓரமாகக் கூப்பிட்டு நீட்டுகிற கமிஷனுக்கும் இதே கதிதான்.

இரண்டு சில்லறை விஷயங்களை முன்னாலேயே பேசிவிடுங்கள். ஒன்று தென்னை மரம். தோட்டத்தில் இருந்தால் காய் யாருக்கு? ஏறுபவர் கூலி போக மிச்சம் உங்களுக்கு என்று அவர் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர். இன்னொன்று சாவி. சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற பங்காளிகள் ‘ரெண்டு நாள் தங்கிக்கிறோம்’ என்பார்கள். அத்தானிடமிருந்து செய்தி வந்தால்தான் சாவி என்று வைத்துக்கொண்டால் நீங்கள் யாருக்கும் கெட்டவர் ஆக வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் பராமரிப்பவர், அனுபவ உரிமை எதுவும் கோரமாட்டீர்கள் என்ற வரியும் இருக்கட்டும். காவலாளோ பராமரிப்பவரோ எத்தனை வருஷம் இருந்தாலும் சொத்தில் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனாலும் கடல் தாண்டி இருப்பவருக்கு அந்த வரியைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வேலைக்கு அது தேவையில்லை. மூலப் பத்திரங்களையும் கையில் வாங்காதீர்கள்.

உங்கள் மனைவி கேட்டது பாக்கி இருக்கிறது. சொந்தக்காரர் என்பதால் காசு வாங்காமல் செய்தால் ஆறாவது மாதம் போக்குவரத்து குறையும், அவரும் கேட்கக் கூச்சப்படுவார். கடைசியில் வீடும் கெடும், உறவும் கெடும். தயக்கமாக இருந்தால் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘அத்தான், வாரம் ஒரு தடவை வீடு, மாசம் ஒரு தடவை நிலம், 5ஆம் தேதி கணக்கு. மாசம் 3,000 கொடுங்க, மழை மாசம் ரெண்டுக்கு 750 கூட. செலவு தனி. வருஷத்துக்கு ஒரு தடவை கொத்தனார் கூலி ஏறுறதப் பாத்து மாத்திக்கலாம்.’

அவர் அதிகம் என்று நினைத்தால் தொகையை மட்டும் குறைக்காமல் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை வீடு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நிலம் என்றால் 2,250 போதும். மழை மாதங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.