சிலிண்டர் இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாடகைக் கட்டடத்தில் துணிக்கடை வைத்திருக்கிறேன் சார். 18 அடி அகலம், 90 அடி நீளம், கடைசி 15 அடி கோடவுன், மாடியில் சின்ன ஆபீஸ். மூன்று தீயணைப்பான் இருக்கிறது. ஒன்று கல்லாவுக்குப் பின்னால் உயரத்தில், ஒன்று கோடவுன் மூலையில் தரையில், ஒன்று மாடியில் பீரோ மேல். தீயணைப்புத் துறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, ‘உரிய இடத்தில் பொருத்தப்படவில்லை, அடையாளப் பலகை இல்லை, மாத ஆய்வு அட்டை இல்லை, 15 நாளில் சரிசெய்து தெரிவிக்கவும்’ என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்கிறார். தீயணைப்பான் சிலிண்டர் விற்றவர், பழைய தேதி போட்டு அட்டை தருகிறேன், மாட்டிவிடுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த அட்டை விஷயம். தயவுசெய்து வாங்காதீர்கள். அட்டை இல்லை என்று நோட்டீஸிலேயே தேதியோடு எழுதியிருக்கிறார்கள், இப்போது நீங்கள் ஆறு மாதக் கையெழுத்தோடு ஒரு அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அது நீங்களே தயாரித்துக் கொடுத்த பொய் ஆவணம். அட்டை இல்லாதது ஒரு குறை, அதைச் சரிசெய்துவிடலாம். பொய்யாக எழுதியதைச் சரிசெய்ய வழியே கிடையாது. பாரிமுனைப் பக்கம் நான் வழக்கறிஞராக ஆஜரான ஒருவருக்கு இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கடையில் செப்டம்பரில் தீ. அட்டையில் டிசம்பர் வரை கையெழுத்து இருந்தது, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. பையன் ஒரே நாளில் உட்கார்ந்து போட்டுவிட்டான். காப்பீட்டு சர்வேயர் முதலில் போட்டோ எடுத்தது எரிந்த சரக்கை இல்லை, அந்த அட்டையைத்தான். அதற்குப் பிறகு எங்கள் தரப்பு உண்மையாகச் சொன்னதைக்கூட அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அதனால் உங்கள் அட்டை இன்றைய தேதியில் தொடங்கட்டும், முந்தைய மாதங்கள் காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி இடம். இந்தியாவில் இதற்கு எடுத்துப் பார்க்கும் தரக்குறியீடு ஐ.எஸ். 2190. தேசியக் கட்டட விதித்தொகுப்பும் தீயணைப்பான் விஷயத்தில் அதைத்தான் கைகாட்டுகிறது. அதை வெளியிடும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் நடப்புப் பதிப்பையே எடுங்கள். வழக்கமாக ஆய்வில் பார்ப்பது இரண்டு அளவு. சுவரில் மாட்டினால் சிலிண்டரின் அடிப்பாகம் தரையிலிருந்து 750 மில்லிமீட்டர், அதாவது சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். அப்புறம், தீப்பிடிக்கக்கூடிய எந்த இடத்தில் நிற்கிறவரும் 15 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒரு சிலிண்டரை எட்ட வேண்டும். ஆபத்து குறைவான இடங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் தூரத்தை ஏற்பார்கள், ஆனால் கூரை முட்டத் துணி அடுக்கியிருக்கும் கடைக்கு நீங்கள் 15-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடினால் ‘மேல்பாகம் 5 அடிக்கு மிகாமல்’, ‘75 அடி நடைதூரம்’ என்று வரும். அது அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 10 விதி. உங்கள் பதில் கடிதத்தில் அதை எழுதி வாதாடாதீர்கள். உயரத்தைப் பொறுத்தவரை இரண்டும் பெரிதாக மோதவும் இல்லை. சாதாரண 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் இரண்டடிக்குள் இருக்கும், அடிப்பாகத்தை இரண்டரை அடியில் மாட்டினால் கைப்பிடி நாலரை அடிக்குள் வந்துவிடும். உங்கள் கல்லாவுக்குப் பின்னால் இருப்பது அப்படியா? அதை இறக்க ஸ்டூல் வேண்டும் என்றால் அது அலங்காரம்தான். கடையில் இருக்கிறவர்களில் உயரம் குறைந்த சேல்ஸ் பொண்ணைக் கூப்பிட்டு, கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே வைக்கச் சொல்லிப் பாருங்கள். முழுச் சிலிண்டர் பத்து கிலோ பக்கம் வரும், தலைக்கு மேலிருந்து அதை இறக்குவது சாதாரண விஷயமில்லை.

இந்த 15 மீட்டர் என்பது வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கிற தூரம் இல்லை, நடக்கிற தூரம். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் கடையையே எடுத்துக்கொள்வோம். 90 அடி என்றால் 27 மீட்டர் சொச்சம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருந்தால் நடுவில் நிற்பவருக்கு எந்தப் பக்கம் போனாலும் 13.7 மீட்டர், காகிதத்தில் பாஸ். ஆனால் நடுவில் ரேக் வரிசை இருக்கும், ட்ரையல் ரூம் ஒரு மூலையில் இருக்கும், அதிலிருந்து வெளியே வந்து ரேக்கைச் சுற்றிக்கொண்டுதான் முன்பக்கம் வர முடியும். அந்தச் சுற்று மூன்று நான்கு மீட்டர் என்றாலே 17 ஆகிவிடும். டேப்பை எடுத்துத் தரையில், ஆள் நடக்கிற பாதையிலேயே வளைத்து வளைத்து அளந்து பாருங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசனில் நடைபாதையில் மூட்டை இறக்கினால் இந்தக் கணக்கு இன்னும் கெடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடவுன் மூலையில் இருக்கிறதே, அது தூரக் கணக்கில் தேறினாலும் இடம் தப்பு. பின்னால் வேறு வாசல் இல்லையென்றால் அது முட்டுச்சந்து. அதை எடுக்க ஒருவர் உள்ளே ஓட வேண்டும், திரும்புவதற்குள் தீ அவருக்கும் வாசலுக்கும் நடுவில் வந்துவிடலாம். தீயணைப்பானை வெளியேறும் வழியை ஒட்டி, படிக்கட்டுத் தளத்தை ஒட்டி வை என்று தரக்குறியீடு சொல்வதற்குக் காரணம் இதுதான். சிலிண்டரை எடுத்துக்கொண்டு தீயை நோக்கித் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்க வேண்டும். எனவே அதைக் கோடவுன் கதவுக்கு வெளியே, கடைப்பக்கச் சுவருக்குக் கொண்டுவாருங்கள்.

கல்லாவுக்குப் பின்னால் இருப்பதை முன்வாசல் பக்கத்துத் தூணுக்கு மாற்றுங்கள். வாசலிலிருந்து 5 அடியில் அது, 75 அடியில் கோடவுன் கதவு என்றால் இடையில் 70 அடி, சுமார் 21 மீட்டர். நடுவிலிருந்து பத்தரை மீட்டர் சொச்சம், ட்ரையல் ரூம் சுற்றையும் சேர்த்தால் 14-ஐத் தாண்டி விளிம்பில் நிற்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடையின் நடுவில் இன்னொன்று வாங்கி மாட்டிவிடுவேன். இந்த ஒரு சிலிண்டர் செலவை மிச்சம் பிடித்து யாரும் பணக்காரர் ஆனதில்லை. மீட்டர் பாக்ஸுக்கு ஒட்டியபடி மட்டும் எதையும் மாட்டாதீர்கள், அது புகைய ஆரம்பித்தால் அங்கே கையே நீட்ட முடியாது.

மாடிக்குத் தனிக் கணக்கு. கீழே இருப்பதை மேலே சேர்க்க முடியாது. பீரோ மேலிருப்பதை இறக்கி, படி ஏறியதும் வரும் தளத்தில் மாட்டுங்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு வகை நல்லது, பவுடர் அடித்தால் தீ அணையும், மெஷினும் போய்விடும்.

பலகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் குறி, இருட்டில் ஒளிரும் வகை, கூடவே தமிழில் ‘தீயணைப்பான்’ என்ற எழுத்து. சிலிண்டருக்கு நேர்மேலே, அடுக்கிய சரக்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டிய பலகை உங்கள் மாதிரி நீளக் கடையில் பக்கவாட்டில் வருகிறவர் கண்ணில் படாது, சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு இருபுறமும் தெரிகிற மாதிரி வாங்குங்கள். சேலை மாட்டிய பொம்மையை அதன் முன்னால் நிறுத்தினால் எல்லாம் வீண்.

மாத ஆய்வுக்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், ஒரு தேதியும் குறியுங்கள். சிலிண்டர் அதன் இடத்தில் இருக்கிறதா, முன்னால் ஏதும் மறைக்கிறதா, பாதுகாப்பு பின்னும் சீலும் இருக்கிறதா, அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா, குழாய் விரிசல் விட்டிருக்கிறதா, முனையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா, அவ்வளவுதான், ஒரு சிலிண்டருக்கு இரண்டு நிமிடம். கார்பன் டை ஆக்சைடு வகையில் பெரும்பாலும் மானி இருக்காது, அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், வாயு எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நிரப்பக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்துக்கு ஒன்று கூடுதல்: கடல் காற்று. தரையில் உட்கார்ந்திருந்த கோடவுன் சிலிண்டரைப் படுக்கவைத்து அடிப்பாகத்தைப் பாருங்கள், பெயிண்ட் குமிழ் விட்டிருந்தால் உள்ளே துரு. அப்படியிருந்தால் அதை மாட்டாமல் முறையான சர்வீஸ்காரரிடம் காட்டுங்கள். அட்டையில் தேதி, பார்த்தவர் கையெழுத்து, குறை இருந்தால் அதுவும் எழுத வேண்டும். ‘முள் இறங்கியிருக்கிறது, சர்வீஸுக்கு அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிற அட்டைதான் நீதிமன்றத்தில் நம்பும்படி இருக்கும், பன்னிரண்டு மாதமும் ‘ஓ.கே.’ என்று இருப்பது இல்லை. வருடாந்திர சர்வீஸ், பிரஷர் டெஸ்ட் இதற்குப் பதிலாகாது, இதுவும் அதற்குப் பதிலாகாது.

வீட்டுக்காரர் விஷயம். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் கட்டமைப்பு மாற்றம் செய்வதைத்தான் தடுக்கிறது. இரண்டு ஸ்க்ரூ கட்டமைப்பு மாற்றம் ஆகாது. ஆனாலும் நோட்டீஸ் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘இந்த நான்கு இடங்களில் கொக்கி மாட்டுகிறேன், காலி செய்யும்போது பூசித் தருகிறேன்’ என்று எழுதிவிடுங்கள், எழுத்தில் இருக்கட்டும். அவர் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கலாம்: பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் ஸ்க்ரூ பிடிக்காது, மாட்டிய பத்தாம் நாள் சிலிண்டர் யார் காலிலாவது விழும். அந்த இடங்களில் தூணிலோ மரச்சட்டத்திலோ மாட்டுங்கள், முடியாவிட்டால் நகராத இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். பொதுப் படிக்கட்டு வீட்டுக்காரர் கையில் இருந்தால் அதற்கு அவர் பொறுப்பு என்பதையும் அதே செய்தியில் குறிப்பிடுங்கள். கடைக்குள் இருப்பதற்கு, நடத்துகிறவர் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தீயைக் கையாள்வதில் அஜாக்கிரதையாக இருந்து உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஆள் இறந்தால் 106-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை.

நோட்டீஸுக்குப் பதில் ஒரு பக்கம் போதும். தவறு செய்துவிட்டேன் என்றும் எழுத வேண்டாம், தவறே இல்லை என்றும் எழுத வேண்டாம். நோட்டீஸ் எண், தேதி, எந்தச் சிலிண்டர் எங்கிருந்து எங்கே மாறியது, தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், அங்கிருந்து தொலைவான இடத்துக்கு நடைதூரம் எவ்வளவு, இவ்வளவுதான். கையால் வரைந்த கடை வரைபடம், டேப் வைத்து எடுத்த போட்டோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சிலிண்டர்களின் பில் நகல், இன்றைய தேதியில் தொடங்கிய அட்டையின் போட்டோ ஆகியவற்றை இணைத்து, மறு ஆய்வுக்கு வாருங்கள் என்று கேளுங்கள். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். புது சிலிண்டர் வரத் தாமதமானால் 15 நாள் முடிவதற்கு முன்பே, ஆர்டர் கொடுத்த ரசீதோடு அவகாசம் கேட்டு எழுதிவிடுங்கள், பதினாறாம் நாள் கேட்காதீர்கள்.