கறாராகப் பேசுகிறார் என்று மதிப்பீட்டில் எழுதலாமா?

*"மண்டபத்தில் நண்டு பதப்படுத்தும் ஆலையில் பிரிவு மேலாளராக இருக்கிறேன். தரப் பிரிவு மேற்பார்வையாளர் ஒரு பெண். 'வேலையில் கெட்டி. ஆனால் கறாராகப் பேசுகிறார், ஒத்துப்போவதில்லை. பேச்சில் கடற்கரை வழக்கு அதிகம்' என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதினேன். தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. உள்ளதைத்தானே எழுதினேன்?"*

நீங்கள் எழுதியது அவர் செய்த வேலையைப் பற்றி அல்ல, அவரைப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி. சிக்கல் அங்கேதான்.

ஒரு சோதனை செய்யுங்கள். பனிக்கட்டி போதாமல் வந்த நண்டை ஆண் மேற்பார்வையாளர் யாராவது திருப்பி அனுப்பியிருப்பார். அவருடைய பழைய மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். "கண்டிப்பானவர், தரத்தில் விட்டுக்கொடுக்காதவர்" என்று இருந்தால், ஒரே வேலை ஆணுக்குப் பாராட்டாகவும் பெண்ணுக்குக் குறையாகவும் பதிவாகியிருக்கிறது. இது உங்கள் ஆலையில் மட்டும் நடப்பதல்ல. 2014-ல் கீரன் ஸ்னைடர் என்பவர் தொழில்நுட்ப நிறுவனங்களின் மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார். குறை சொன்ன மதிப்பீடுகளில் குணத்தைக் குத்திக்காட்டியவை, பெண்களுக்கு 94-ல் 71. ஆண்களுக்கு 83-ல் 2.

சரி, எப்படி மாற்றுவது? தேதி, செய்தது, விளைவு மூன்றையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு: "பிப்ரவரி 12 அன்று, வேகவைத்து வந்த நண்டின் வெப்பநிலை 9 டிகிரிக்கு ஏறியிருந்ததால் இரண்டு கூடைகளைத் திருப்பினார். ஏன் திருப்புகிறோம் என்று சரக்கு கொண்டுவந்தவரிடம் விளக்கவில்லை. அவர் அலுவலகத்துக்கு வந்து முறையிட்டார். இனித் திருப்பும்போது வெப்பநிலைச் சீட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்." குறை இதிலும் இருக்கிறது. ஆனால் அவர் திருத்திக்கொள்ளக் கூடிய குறை. கறாரான சுபாவத்தை யார் எப்படித் திருத்துவது? தேதியும் சம்பவமும் ஞாபகத்துக்கு வரவில்லையா, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பாராட்டிலும் இதே கவனம் வேண்டும். "பெண்களை அம்மா போல அரவணைத்து வேலை வாங்குகிறார்" என்று எழுதினால் பதவி உயர்வுக் குழு அதை ஒரு திறமையாகவே எண்ணாது. "சதை எடுக்கும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், ஓட்டுத் துண்டு கலப்பது குறைந்தது" என்று எழுதினால்தான் எண்ணும்.

அடுத்து, பேச்சு வழக்கு. மதுரைக்காரர் பேசுவதை யாரும் குறிப்பில் எழுதுவதில்லை. பாம்பன், தங்கச்சிமடத்துப் பேச்சு மட்டும் குறையாகப் பதிவாகிறது. நம் பக்கத்தில் பேச்சை வைத்தே ஊரையும் சாதியையும் கணிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த வரி அங்கேதான் போய் முடியும். எடுத்துவிடுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. அதைப் பலரும் தவறாகப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பேசுவதே வேலை என்றால், உதாரணமாக வெளியூர் வாங்குபவரிடம் தொலைபேசியில் அளவும் விலையும் உறுதிசெய்யும் வேலை என்றால், புரியும்படி பேசினாரா என்று மதிப்பிடலாம். அங்கேயும் மதிப்பிட வேண்டியது தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும்தான். அளவு தவறாகப் பதிவானதா? வாங்குபவர் திரும்ப அழைத்துச் சரிபார்த்தாரா? எத்தனை முறை? அதை எழுதுங்கள். ஒருமுறை கூட நடக்கவில்லை என்றால் அவர் பேச்சு புரிகிறது என்றே பொருள், உங்கள் காதுக்கு எப்படி இருந்தாலும். கேட்கும் ஒரே ஆளுக்கு மட்டும் புரியவில்லை என்றால், அந்தப் பக்கத்துக் காதையும் பார்க்க வேண்டும். உங்கள் மேற்பார்வையாளரின் வேலையோ வெப்பமானியோடும் பதிவேட்டோடும். இந்த விலக்கு அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இனி ஒரு எச்சரிக்கை. "மதிப்பீட்டு வாசகங்கள் தயார்" என்று பட்டியல் விற்கும் ஆலோசகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். "கறார்" என்ற இடத்தில் "உறுதியான அணுகுமுறை" என்று மாற்றித் தருவார்கள். சொல் பூசி மெழுகப்படும், மதிப்பெண் அப்படியே இருக்கும். ஐந்துக்கு இரண்டு போட்டுவிட்டு வாசகத்தை மட்டும் இனிப்பாக்குவது அந்தப் பெண்ணை ஏமாற்றுவது. இன்னொரு கூட்டம் பேச்சு வழக்கை மாற்றும் வகுப்பு என்று ஊழியர் தலையில் கட்டணத்தைக் கட்டுகிறது. பணம் கொடுக்காதீர்கள், கொடுக்கவும் விடாதீர்கள்.

படிவங்களும் லட்சணமாக இல்லை. "ஆளுமை" என்று ஒரு கட்டம், எழுத இரண்டு வரி இடம், மார்ச் கடைசியில் எல்லாருக்கும் ஒரே நாளில் முடி என்று உத்தரவு. மனதில் பட்டதை எழுதாமல் வேறு என்ன எழுதுவார்கள்? தனித்தாள் இணைத்து எழுதுங்கள்.

அரசு ஊழியருக்கு ஆண்டுக் குறிப்பின் ஒவ்வொரு பதிவையும் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு உங்கள் தனியார் ஆலைக்குப் பொருந்தாது. ஆனாலும் திருத்திய குறிப்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் முன் அவரிடம் காட்டுங்கள். தேதியோ வெப்பநிலையோ தவறென்றால் பதிவேட்டைப் புரட்டி அவரே சொல்லிவிடுவார்.